மூன்று வரிகளின் வரிசை: பிஎஃப் வட்டிக் கணக்கைப் பற்றி

என் மாமாவின் பிஎஃப் கணக்கில் வருஷத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் வட்டி குறைத்துப் போடுகிறார்கள் என்று நான் அவரிடம் சொன்னேன். எக்செல் போட்டு, காகிதத்தில் அச்செடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு எந்திரத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. என் பேச்சை நம்பி ஒரு மனு எழுதி, கையெழுத்துப் போட்டு, அனுப்ப உறையும் வாங்கி வைத்துவிட்டார். அதற்குள் நான் விதியை முழுசாக வாசித்தேன். தப்பு என் கணக்கில்தான்.

ஆனால் வாசித்த பிறகு எனக்கு வேறு ஒரு குறை தென்பட்டது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது. ஊரில் எல்லாரும் சொல்கிற புகார் ஏன் நிற்காது, யாரும் சொல்லாத புகார் ஏன் நிற்கும் என்பது.

விதி இருக்கிற இடம் 1952ஆம் வருஷத்துத் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 60ஆவது பத்தி. வட்டி "மாத ஓட்ட இருப்பு" அடிப்படையில் கணக்கிடப்படும், வருஷத்தின் கடைசி நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்படி கணக்கில் சேர்க்கப்படும் என்கிறது அது. நான் சறுக்கியது இந்த இடத்தில்தான். மாதாமாதம் கணக்கிடுகிறார்கள் என்றதும் மூளை தானாகவே மாதாமாதம் வட்டி சேருவதாக எடுத்துக்கொள்கிறது. ஏப்ரல் வட்டி மே மாத அசலில் ஏறும், மே வட்டி ஜூன் அசலில் ஏறும் என்று. இணையத்தில் கிடைக்கிற கால்குலேட்டர்களில் சிலவும் இப்படித்தான் போடுகின்றன.

விதி அப்படிச் சொல்லவில்லை. சுருக்கமாக என் சொற்களில் இது. போன மார்ச் 31 அன்று இருந்த தொகையில் இந்த வருஷம் எடுத்தது போக மீதிக்குப் பன்னிரண்டு மாத வட்டி. இந்த வருஷம் எடுத்த தொகைக்கு, ஏப்ரல் 1 முதல், எடுத்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் வரை வட்டி. இந்த வருஷம் வரவான தொகைக்கு, வரவான மாதத்துக்கு அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து வருஷக் கடைசி வரை வட்டி. மொத்தத்தை முழு ரூபாய்க்குத் திருத்து. அவ்வளவுதான். வருஷத்துக்குள் வட்டிக்கு வட்டி கிடையாது. வருஷம் முடிந்தபிறகு அந்த வட்டி அசலாகிவிடும், அடுத்த வருஷம் அதற்கும் வட்டி உண்டு. உள்ளே தனி வட்டி, வெளியே கூட்டு வட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

மாமாவின் கணக்கை, புரிவதற்காக எண்களைக் கொஞ்சம் முழுதாக்கிப் போட்டுக் காட்டுகிறேன். 2024 ஏப்ரல் 1 அன்று இருப்பு 6,00,000 ரூபாய் (நடுவில் வீடு கட்ட எடுத்தது போக). அடிப்படைச் சம்பளம் 40,000. அவர் பங்கு 12 சதவீதம், 4,800. நிறுவனத்தின் பங்கும் 4,800தான், ஆனால் அதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். அந்த 1,250 பாஸ்புக்கில் மூன்றாவது கட்டத்தில் தெரியும், ஆனால் அதற்கு இந்தக் கணக்கில் வட்டி இல்லை. பலபேர் அதையும் கூட்டிக்கொண்டு "குறையுதே" என்கிறார்கள். எனவே மாதம் வரவு 4,800 கூட்டல் 3,550, அதாவது 8,350.

இங்கே இன்னொரு பள்ளம். மார்ச் மாதச் சம்பளத்துக்கான பணத்தை நிறுவனம் ஏப்ரல் 15க்குள் கட்டினால் போதும். ஆகவே அது ஏப்ரல் மாத வரவு. அதற்கு வட்டி மே 1 முதல். 2024-25 நிதியாண்டில் வரவாகிற பன்னிரண்டு தவணைகள் என்பவை 2024 மார்ச் சம்பளம் முதல் 2025 பிப்ரவரி சம்பளம் வரைக்கானவை. முதல் தவணைக்குப் பதினொரு மாத வட்டி, அடுத்ததற்குப் பத்து, இப்படியே இறங்கி, மார்ச்சில் வந்த கடைசித் தவணைக்குப் பூஜ்யம். பதினொன்றிலிருந்து பூஜ்யம் வரை கூட்டினால் 66. சம்பள மாதத்தையே வரவு மாதமாக நினைத்து, முதல் தவணைக்கு 12, கடைசித் தவணைக்கு 1 என்று போடுகிறவர்களுக்கு 78 வரும். அந்த ஒரு பிழையிலேயே 689 ரூபாய் கூடிவிடும்.

2024-25க்கான வட்டி விகிதம் 8.25 சதவீதம். 6,00,000க்கு ஒரு வருஷ வட்டி 49,500. தவணைகளுக்கு 8,350ஐ 66ஆல் பெருக்கினால் 5,51,100, அதற்கு ஒரு மாத வட்டி 3,788 ரூபாய் 81 காசு. இரண்டும் சேர்ந்து, திருத்தினால், 53,289. உறுப்பினர் பங்கையும் நிறுவனப் பங்கையும் பாஸ்புக்கில் தனித்தனியாகக் காட்டுவதால் ஒரு ரூபாய் முன்னே பின்னே வரலாம்.

நான் எக்செல்லில் போட்டது மாதக் கூட்டு வட்டி. அதில் வந்தது 55,292. வித்தியாசம் 2,003 ரூபாய். மாமாவின் மனுவில் இருந்த "இரண்டாயிரம்" இதுதான்.

சரி, விதிப்படி இல்லை என்றாலும், நியாயப்படி மாதாமாதம்தானே சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். நானும் ஒரு ராத்திரி பூரா அப்படித்தான் என் தப்புக்கு நியாயம் தேடினேன். நிற்கவில்லை. இந்த நிதி ஒரு வங்கிபோல முன்கூட்டியே விகிதத்தைச் சொல்லிவிட்டு நடப்பதில்லை. அந்த வருஷம் முதலீடுகளில் என்ன வந்தது என்று பார்த்து, மத்திய அறங்காவலர் குழு ஒரு விகிதத்தைப் பரிந்துரைத்து, அரசு ஒப்புக்கொண்டு, அப்புறம்தான் விகிதம் உறுதியாகிறது. பங்கிட இருக்கிற பானை ஒன்றுதான். மாதக் கூட்டு வட்டியாகப் போட்டால் விகிதத்தைச் சுமார் 7.95 என்று அறிவிப்பார்கள், வருஷக் கடைசியில் பழைய இருப்புக்குக் கையில் வருவது அதே 8.25தான். கரண்டியை மாற்றினால் சோறு கூடாது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட அழகாகப் பட்டது. இது நிரல் எழுதுகிறவன் கண்ணுக்குத்தான் சட்டென்று தெரியும் என நினைக்கிறேன், இல்லாவிட்டால் பேரேடு எழுதிய பழைய குமாஸ்தாவின் கண்ணுக்கு. வருஷத்துக்குள் வட்டிக்கு வட்டி இல்லை என்று வைத்துவிட்டால், விகிதம் தெரியாமலேயே கணக்கில் முக்கால்வாசியை முடித்துவிடலாம். ஒவ்வொரு மாத இருப்பையும் கூட்டிக்கொண்டே போனால் போதும். வங்கிப் பேரேடுகளில் இதற்கு "புராடக்ட்" என்று தனிக் கட்டமே இருந்தது. வருஷம் முடிந்து விகிதம் வந்ததும் ஒரே ஒரு பெருக்கல். மாதக் கூட்டு வட்டியாக இருந்தால், விகிதம் ஜூன் மாதம் வந்தால், போன ஏப்ரலிலிருந்து பன்னிரண்டு மாதத்தையும் திரும்பப் போட வேண்டும், கோடிக்கணக்கான கணக்குகளுக்கு. காகிதமும் பேனாவுமாக இருந்த காலத்தில் அது நடக்கிற காரியமில்லை.

இதே காரணத்தால்தான் "வட்டியைத் தாமதமாகப் போட்டு நம்மைச் சுரண்டுகிறார்கள்" என்ற புகாரும் நிற்பதில்லை. இது வருஷா வருஷம் கேட்கிற புகார். 2019-20ஆம் ஆண்டின் 8.5 சதவீதத்தை இரண்டு துண்டாக, 8.15 முதலிலும் 0.35 பின்னாலும் தருவதாக முதலில் சொன்னார்கள், கடைசியில் அந்த டிசம்பர் வாக்கில் ஒரே தவணையாகப் போட்டார்கள். 2021-22க்கான 8.1 சதவீதம், 2022 அக்டோபரிலும் பலருடைய பாஸ்புக்கில் தெரியவில்லை. வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் போகிற உறுப்பினர் பங்கின் வட்டிக்கு வரி என்ற மாற்றத்துக்காக மென்பொருளை மாற்றுகிறோம், யாருக்கும் வட்டி இழப்பு இல்லை என்று நிதி அமைச்சகம் அப்போது விளக்கம் சொன்னது. அந்தப் பதிலைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் விதியின் கண்ணில் அது சரியான பதில்தான். வட்டி எந்த நாளில் பதிவானாலும், அதன் மதிப்பு நாள் மார்ச் 31. பாஸ்புக்கில் `Int. Updated upto 31/03/...` என்று வருகிறதே, அதன் பொருள் அதுதான். ஏப்ரல் 1 முதல் அது அசல். அக்டோபரில் பதிவானாலும் ஏப்ரலிலிருந்தே அதற்கு அடுத்த வருஷத்து வட்டி உண்டு.

இதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். மாமாவின் கணக்கில் 2025 மார்ச் 31 அன்று இருப்பு 6,00,000, தவணைகள் 1,00,200, வட்டி 53,289, ஆக 7,53,489. அடுத்த வருஷ வட்டிக் கணக்கு இந்த 7,53,489இலிருந்து தொடங்க வேண்டும். வட்டி ஜூலையில் பதிவாகியிருந்தாலும் சரி, தொடக்க இருப்பில் அந்த 53,289 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் இழப்பு இல்லை. இல்லாவிட்டால் அன்றைக்கு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

இவ்வளவு தூரம் விதியின் பக்கம் பேசியாயிற்று. இனி என் புகார்.

மாமாவிடம் தப்பை ஒப்புக்கொள்ளப் போகும் முன், இந்த முறை சரியாகப் போட வேண்டும் என்று எக்செல்லை மூடிவிட்டு ஒரு சின்ன நிரல் எழுதினேன். பத்தி 60 சொல்கிற மொத்தமும் இவ்வளவுதான்:

```python
r = 8.25
bal = 600000
credit = [8350] * 12      # ஏப்ரல் முதல் மார்ச் வரை
out = [0] * 12
product = 0
for m in range(12):
    bal -= out[m]
    product += bal
    bal += credit[m]
print(round(product * r / 1200))
```

ஓட்டினால் 53289 வரும். இதில் வளையத்துக்குள் இருக்கிற மூன்று வரிகளைப் பாருங்கள். முதலில் எடுத்ததைக் கழிக்கிறோம். அப்புறம் அந்த மாத இருப்பைக் கூட்டுகிறோம். கடைசியில்தான் வரவைச் சேர்க்கிறோம். நான் முதலில் எழுதியபோது கை பழக்கத்தில் வரவையும் எடுப்பையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன், இருப்பைக் கூட்டிய பிறகு. எடுப்பு இல்லாத வருஷத்துக்கு விடை சரியாக வந்தது. எடுப்பு உள்ள ஒரு வருஷத்துக்குப் போட்டபோது உதைத்தது. விதியைத் திரும்ப வாசித்து, கழித்தல் வரியை மேலே தூக்கி வைத்தபிறகுதான் பொருந்தியது.

அந்த வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. மாதத்தில் எந்தத் தேதியில் பணம் வந்தாலும், அது மாதக் கடைசியில் வந்ததாகக் கணக்கு. எந்தத் தேதியில் பணம் போனாலும், அது மாதத்தின் முதல் நாளே போனதாகக் கணக்கு. செப்டம்பர் 15 அன்று வந்த 8,350க்குச் செப்டம்பரில் வட்டி இல்லை. செப்டம்பர் 28 அன்று எடுத்த ஒரு லட்சத்துக்கும் செப்டம்பரில் வட்டி இல்லை, அந்த 27 நாளும் பணம் நிதியில்தான் இருந்தது என்றாலும். பெயர்தான் ஓட்ட இருப்பு. ஓடவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு போட்டோ எடுக்கிறார்கள், அதில் இனி வரப்போகிறவர் இருக்கமாட்டார், இனி போகப்போகிறவரும் இருக்கமாட்டார்.

பிபிஎஃப்-இலும் இதே மனப்போக்குதான். அங்கே 5ஆம் தேதி முடிவுக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்கு வட்டி. ஆனால் அங்கே 5ஆம் தேதி என்று ஒரு வாசல் இருக்கிறது, அதற்குள் கட்டினால் அந்த மாதமே வட்டி. அது எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் ஜனங்கள் 4ஆம் தேதியே கட்டிவிடுகிறார்கள். கட்டுகிற தேதியும் எடுக்கிற தேதியும் பெரும்பாலும் கணக்கு வைத்திருப்பவர் கையில் இருக்கின்றன. இபிஎஃப்-இல் இரண்டும் அவர் கையில் இல்லை. கட்டுவது நிறுவனம், தருவது அலுவலகம். அவர் செய்யக்கூடியது விண்ணப்பிப்பது மட்டும்.

வரவுப் பக்கத்து இழப்பைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. 15ஆம் தேதி வந்த 8,350க்கு மீதி 16 நாள் வட்டி என்பது சுமார் 30 ரூபாய். அது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கிறது. எல்லாரும் விட்ட அந்த முப்பது ரூபாய் வெளியே எங்கும் போய்விடுவதில்லை, நிதிக்குள்ளேயே இருந்து, விகிதமாக எல்லாருக்கும் திரும்பி வருகிறது. எல்லாரும் சமமாக விட்டு, சமமாக எடுத்துக்கொள்கிற காசில் அநியாயம் இல்லை.

எடுப்புப் பக்கம் அப்படி இல்லை. மாமாவின் அதே கணக்கில், 2024 செப்டம்பரில் ஒரு லட்சம் முன்பணம் எடுத்திருந்தால் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். `out[5] = 100000`. வட்டி 48,476 ஆகிறது. விதியின் சொற்களில் சரிபார்த்தால், மீதி 5,00,000க்கு ஒரு வருஷம் 41,250, எடுத்த லட்சத்துக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் 3,437.50, தவணைகளுக்கு முன்போலவே 3,788.81. சரியாக இருக்கிறது.

இந்த 48,476, பணம் செப்டம்பர் 1 அன்று கைக்கு வந்தாலும் அதேதான், செப்டம்பர் 30 அன்று வந்தாலும் அதேதான். 30ஆம் தேதி வந்தவர் ஒரு மாத வட்டியை, 687 ரூபாய் 50 காசை, கிட்டத்தட்ட முழுசாக விட்டுவிட்டார். அதுவே ஒரு நாள் தள்ளி அக்டோபர் 1 அன்று வந்திருந்தால் அந்த 687.50 அவருக்குக் கிடைத்திருக்கும். ஒரே நாள் வித்தியாசம். யார் இந்தப் பணத்தை எடுக்கிறார்கள்? ஆஸ்பத்திரிச் செலவுக்கு, கல்யாணத்துக்கு, கூரை ஒழுகுகிறது என்று எடுக்கிறவர்கள். நிதியின் எல்லா உறுப்பினர்களும் சமமாகச் சுமக்கிற சுமை அல்ல இது. அந்த வருஷம் முடை வந்தவர் மட்டும் சுமக்கிறார், அவர் விட்ட காசு முடை வராதவர்கள் உட்பட எல்லாருடைய விகிதத்திலும் கலந்துவிடுகிறது. தொகை சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஐந்து லட்சம் எடுத்தால் 3,437 ரூபாய், அது அவ்வளவு சின்னதும் இல்லை.

இது நிர்வாகத்துக்குத் தெரியாத விஷயமா என்றால், தெரிந்த விஷயம்தான். கணக்கை முழுசாகத் தீர்க்கும்போது வருகிற வட்டியில் இதே கோளாறு இருந்தது. மாதத்தின் 24ஆம் தேதிக்குள் தீர்க்கப்பட்டால் முந்தைய மாதக் கடைசி வரைதான் வட்டி. அதனால் உறுப்பினருக்கு நஷ்டம் வரக்கூடாது என்று 25ஆம் தேதிக்கு மேல் வட்டி சம்பந்தப்பட்ட கோரிக்கைகளைத் தொடாமலே வைத்திருப்பார்கள். விதியின் ஓட்டையை அடைக்க வேலையையே நிறுத்தி வைக்கிற ஏற்பாடு. மாதத்தில் ஐந்தாறு நாள் இப்படி. 2024 நவம்பர் 30 அன்று மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற ஒப்புதல் தந்தது, தீர்க்கிற தேதி வரை வட்டி என்று. நல்ல மாற்றம். அதாவது, நாள் கணக்கில் வட்டி போட முடியாது என்ற வாதம் அன்றோடு முடிந்துவிட்டது. கணக்கை மூடிவிட்டுப் போகிறவருக்கு நாள் கணக்கு, கணக்கை வைத்துக்கொண்டே கொஞ்சம் எடுக்கிறவருக்குப் போட்டோ கணக்கு என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

வங்கிகளின் சேமிப்புக் கணக்கிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. மாதத்தின் 10ஆம் தேதி முதல் கடைசி நாள் வரையிலான மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ரிசர்வ் வங்கி 2010 ஏப்ரல் 1 முதல் அதை நாள் இருப்புக்கு மாற்றச் சொன்னது. மாறின. புராடக்ட் முறையின் அழகு அதில் கெடவில்லை. மாத இருப்பைக் கூட்டுவதற்குப் பதில் நாள் இருப்பைக் கூட்டுகிறார்கள், 1200ஆல் வகுக்கிற இடத்தில் 36500 வருகிறது. இபிஎஃப்-இலும் விகிதம் எவ்வளவு தாமதமாக வந்தாலும் ஒரே பெருக்கலில் முடித்துவிடலாம். எல்லாவற்றையும் மாற்றக்கூட வேண்டாம். வரவை மாதக் கணக்கிலேயே விட்டுவிட்டு, எடுப்புக்கு மட்டும் எடுத்த நாள் வரை வட்டி என்று வைத்தாலே போதும்.

இரண்டாவது புகார் சின்னது, பாஸ்புக்கைப் பற்றியது. தேதி இருக்கிறது, சம்பள மாதம் இருக்கிறது, மூன்று பங்குகள் இருக்கின்றன. கடைசியில் வட்டி என்று ஓர் எண் வானத்திலிருந்து விழுந்ததுபோல இருக்கிறது. 53,289 எங்கேயிருந்து வந்தது என்று சொல்ல அதில் ஒரு சொல் இல்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் மாத இருப்புகளின் கூட்டுத்தொகை 77,51,100 என்று ஒரே ஓர் எண்ணை அச்சிட்டிருந்தால், மாமாவே செல்போனில் 8.25ஆல் பெருக்கி 1200ஆல் வகுத்துப் பார்த்திருப்பார். என்னிடம் வந்திருக்கமாட்டார். நானும் எக்செல்லில் இல்லாத இரண்டாயிரத்தைக் கண்டுபிடித்திருக்கமாட்டேன். அந்த எண் அவர்களிடம் இல்லாமல் இல்லை, அது இல்லாமல் வட்டியே போட முடியாது. போட்டுவிட்டுக் காட்டாமல் விடுகிறார்கள். பழைய பேரேட்டில் குமாஸ்தாவுக்காவது அந்தக் கட்டம் தெரிந்தது.

உங்கள் கணக்கை நீங்கள் சரிபார்க்கப் போவதாக இருந்தால், சம்பள மாதத்தை விட்டுவிட்டுப் பணம் வரவான தேதியைப் பாருங்கள். நிறுவனம் ஏதாவது ஒரு மாதம் இழுத்தடித்து அடுத்த மாதம் இரண்டு தவணையாகக் கட்டியிருந்தால், சம்பள மாதக் கட்டத்தில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், ஓட்டை தேதிக் கட்டத்தில்தான் தெரியும். பன்னிரண்டு மாதத்துக்கும் மாதம் பிறக்கும்போது இருந்த இருப்பை எழுதுங்கள். அந்த மாதம் எடுத்திருந்தால் கழித்துவிட்டு எழுதுங்கள். ஓய்வூதியக் கட்டத்தைத் தொடாதீர்கள். கூட்டி, விகிதத்தால் பெருக்கி, 1200ஆல் வகுங்கள். வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் உங்கள் பங்கு போகிறது என்றால் வரியுள்ள பகுதி, வரியில்லாப் பகுதி என்று இரண்டு முறை செய்ய வேண்டும், மொத்தம் மாறாது.

மாமா வீட்டுக்குப் போனேன். நிரலைக் காட்டவில்லை, ஒரு நோட்டுத் தாளில் பன்னிரண்டு வரி எழுதிக் கூட்டிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கூட்டிச் சரிபார்த்தார். ஆலையில் ஸ்டோர் கணக்கு பார்த்தவர், கூட்டல் என்னைவிட வேகம். 77,51,100 வந்ததும் தலையாட்டினார்.

"அப்ப மனு வேண்டாங்கறீங்க."

"வேண்டாங்க மாமா. தப்பு என்னுது."

உறையை மடித்து அலமாரியில் வைத்தார். மாடித் தளம் ஒழுகுகிறது, தீபாவளிக்கு முன்னால் ஒரு லட்சம் எடுக்கலாம் என்றிருந்தார். எடுத்த மாதத்துக்கு வட்டி இல்லை என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப ஒண்ணாந்தேதி கைக்கு வர்ற மாதிரி எழுதிக் குடுத்தா ஆச்சு. அத விண்ணப்பத்துல எங்க எழுதறது, மாப்ளே?"

"அதுக்கு இடம் கிடையாதுங்க மாமா."

"போட்ட காசுக்கு வட்டி எப்ப ஆரம்பிக்கறதுன்னும் அவங்க, எடுத்த காசுக்கு எப்ப நிறுத்தறதுன்னும் அவங்க" என்றார். அப்புறம் அத்தை காபி கொண்டுவந்தார்கள். அந்தத் தாளை அவர் திருப்பித் தரவில்லை, பாஸ்புக் அச்சுகளோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்துக்கொண்டார்.